அரைஞாண் கொடி போகாத இடம்

எங்க மச்சானுக்கு இடுப்பில் அரிப்பு வந்தது தொண்ணூற்றேழாம் வருசம். மிளகு பறித்து முடித்து, காயப்போட்ட பாயைச் சுருட்டுகிற சமயம். செம்மேட்டில் என் டீக்கடைக்கு வந்தவர், டம்ளரை ஒரு கையிலும் இடுப்பை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"உக்காருங்க மச்சான்."

"உக்காந்தா டீ மட்டும்தான் குடிக்க முடியும் மாப்ளே. நின்னா ரெண்டு வேலையும் ஆகும்" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அப்படித்தான். மலைமேல் தேவனூர் நாட்டில் மரவள்ளியும் மிளகும் வைத்துப் பிழைக்கிற மனுசன், நம் கவலையைக்கூட நம்மிடமிருந்து வாங்கிக் கேலி பண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுவார். என் அக்காளைக் கட்டியவர். எங்கள் மலையில் யார் என்ன நல்ல வார்த்தை பேசினாலும் மனசில் முடிந்துவைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. என் முடிச்சில் பாதிக்குமேல் அவர் பேச்சுதான். அந்தப் பேச்சைச் சொல்ல உட்கார்ந்தால் அந்த அரிப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பின் வலப்பக்கம், அரைஞாண் கொடி கிடக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படை. லேசாகச் செம்மை ஓடின கருப்பு. மேலே மெல்லிய பொருக்கு. தடித்திருக்கவில்லை, நீர் வடியவில்லை. தோல் மட்டும் கசங்கின காகிதம்போலச் சுருங்கியிருந்தது.

பார்த்த எல்லாருக்கும் காரணம் கண்ணெதிரிலேயே இருந்தது. படைமேல் வெள்ளிக் கொடி பளபளவென்று கிடந்தது.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகு நன்றாகக் காய்த்த ஒரு வருசத்தில் அக்காள் கல்யாணம் நடந்தது. எங்கப்பா பெருமை தாங்காமல் மாப்பிள்ளைக்கு வெள்ளியில் அரைஞாண் செய்து போட்டார். எங்கள் பக்கம் ஆம்பிளை என்றால் இடுப்பில் கயிறோ கொடியோ இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குக் கட்டுவது, செத்துக் கட்டையில் போகிறபோதுதான் அறுப்பது. கயிறு நைந்துபோனால்கூடப் புதுசைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழசைக் கத்தரிப்போம். நடுவில் ஒரு மூச்சு நேரம்கூட இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சோறு வலது கையில் சாப்பிடுவதுபோல அது.

மச்சானின் அம்மாவை நான் அத்தை என்பேன். அந்தம்மா படையைப் பார்த்தது, கொடியைப் பார்த்தது, என் அக்காளைப் பார்த்தது.

"செம்பு கலந்த வெள்ளி அம்மிணி. இல்லீன்னா இப்படி அரிக்குமா?"

அக்காள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் கடைக்கு வந்து என்னிடம் கண் கலங்கினாள். "எங்கொப்பன் கலப்படம் போட்டாருன்னு சொல்றாங்கடா" என்றாள். புருசனுக்கு வந்த படையைவிட அவளுக்கு அதுதான் பெரிதாக இருந்தது அன்றைக்கு. நானே கொடியை வாங்கிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்கினேன். அதற்கு முன்னால் சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் அக்காள் வெள்ளியைக் கழற்றினாள். ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "நல்ல வெள்ளிங்க, கோயிலுக்கே கொடுக்கலாம்" என்றார்.

அதைப் போய்ச் சொன்னேன். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே, "ஆசாரி உங்கப்பனுக்குச் செஞ்ச அதே ஆசாரிதானே? தன் பண்டத்தத் தானே கொற சொல்லுவானா" என்றது. நியாயமாகத்தான் இருந்தது.

கயிறு மாற்றின அதே வாரம் செம்மேட்டு மருந்துக் கடையில் ஒரு டியூப் களிம்பு வாங்கித் தடவ ஆரம்பித்திருந்தார் மச்சான். மாசம் திரும்புவதற்குள் படை மங்கிவிட்டது. டியூபைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வெள்ளி போச்சு, படை போச்சு, அவ்வளவுதான். அக்காள் கொடியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். அப்பா அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் போகவே இல்லை, பேரப்பிள்ளைகளைப் பார்க்கக்கூட.

மழைக்காலத்தில் படை திரும்பி வந்தது. இடுப்பில் இன்னும் கொஞ்சம் அகலமாக. இப்போது குற்றம் கயிற்றின் சாயத்துக்குப் போனது. சிவப்பை மாற்றிக் கருப்பு. கருப்பும் அரித்தது. பிறகு அக்காள் சாயமே வேண்டாமென்று தானே பருத்தி நூலை முறுக்கி, மஞ்சள் தோய்த்துக் கட்டினாள். ஒவ்வொரு தடவையும் புதுக் கயிற்றோடு புது டியூபும் வரும். கொஞ்ச நாள் அடங்கும். டியூபை நிறுத்தினால் எழும்பும். அடங்கினபோது கயிற்றுக்குப் பெருமை, எழும்பினபோது கயிற்றுக்குத் திட்டு.

"நம்ம ஊருல எந்தக் கயித்துக்கும் இத்தன விசாரணை நடந்ததில்ல மாப்ளே" என்றார் மச்சான்.

நாட்டு வைத்தியர் ஒருவர் கரப்பான் படை என்றார். கத்தரிக்காய், கருவாடு, சோளம், எல்லாவற்றையும் தள்ளச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிற ஆள். சந்தை நாளில் கருவாட்டுக்காரம்மா கடைமுன்னே நின்று மூச்சை இழுத்துவிட்டு வருவார். "வாசம் பிடிக்கக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லலீல்ல" என்பார். வெளுப்பும் கருப்புமாகத் தெரிந்ததால், தோல் நோய் பார்க்க வருகிற சுகாதாரப் பணியாளர் ஒருவர் வேறு தொழுநோயோ என்று சந்தேகப்பட்டு, கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னார் மச்சான். "உணர்ச்சி நல்லா இருக்குதுங்க. அது இல்ல" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் வந்து பேனாவால் தொட்டுப் பார்த்ததை நாலு பேர் பார்த்துவிட்டார்களே. அதன் பிறகு அத்தை தன் மகனுக்குத் தனித் துண்டு, தனி வட்டில் என்று பிரித்துவைத்தது. அக்காள் அந்த வட்டிலிலேயே தானும் சாப்பிட்டாள். யாரும் பார்க்காதபோது அல்ல, எல்லாரும் பார்க்கிறபோது.

நாமக்கல்லில் ஒரு தோல் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவரும் சட்டையைத் தூக்கச் சொன்னார், இடுப்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். உலோகமோ சாயமோ சில பேர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் வருகிற கரப்பான் என்றார். அவர் சொன்னதிலும் பிசகில்லை. அப்படி வருகிற ஆட்கள் நிறையப் பேர் உண்டு. சந்தேகத்துக்குச் சின்னதாகத் தோல் துண்டு ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார். கரப்பான் என்றே வந்தது. சோதனைக்கு எடுத்த நாள் காலையில்கூட மச்சான் டியூபைத் தடவிக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தார். தடவினியா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது.

கரப்பான் என்று காகிதத்திலேயே வந்துவிட்ட பிறகு எல்லாருக்கும் ஒரு நிம்மதி. கரப்பானால் யாரும் சாவதில்லை. அரித்தால் சொறிந்துகொள்ள வேண்டியது. அப்படியே வருசங்கள் போய்விட்டன. காட்டு வேலை நடுவில் பலாமரத்தில் இடுப்பை உரசிக்கொண்டு நிற்பார். அந்த மரத்தின் பட்டை ஒரு பக்கம் வழவழத்துப் போனது. "இந்த மரம்தான் என் ரெண்டாம் தாரம்" என்று அக்காள் காதில் விழும்படியாகச் சொல்வார். "அந்தத் தாரமே உங்களுக்குச் சோறாக்கிப் போடட்டுங்க" என்பாள் அவள்.

கேலி குறைய ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாயிரம் தாண்டி இருக்கும். பஸ் சீட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டுவதில்லை. ஒரு நாள் கடையில் எழுந்தபோது பெஞ்சில் வேட்டி ஒட்டியிருந்த இடத்தில் லேசாக ரத்தம். சொறிந்த புண்.

"இடுப்புலயா மச்சான்?"

"கீழ" என்றார். மச்சானிடம் அதற்குமேல் கேட்கிற முறை கிடையாது. அக்காளிடம் சொன்னேன்.

அவளுக்குத் தெரியும். தொடையின் உள்பக்கம், பின்பக்கம் எல்லாம் இருக்கிறது என்றாள். எத்தனை நாளாக என்றேன். "இடுப்புல வந்த கொஞ்ச நாளுலயே" என்றாள். டாக்டரிடம் ஏன் காட்டவில்லை என்றேன்.

"அவரு அர்ணாக்கயித்தப் பாத்தாரு, கேட்டாரு, சொன்னாரு. வேட்டிய அவுக்கச் சொன்னாரா? இடுப்புல இருந்து பரவுனதுதானேன்னு நாங்களும் உட்டுட்டோம். இப்ப ஒண்ணு கெட்டியா, பணியாரம்மாதிரி எழும்பி நிக்குதுடா."

அந்தப் பணியாரம் என்ற வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. வாரத்துக்குள் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று பேரும். அங்கே தோல் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நடுத்தர வயசு, பேச்சு மெதுவாக வரும். பழைய சோதனைக் காகிதத்தைப் படித்தார். மச்சான் வழக்கம்போலச் சட்டையைத் தூக்கினார். டாக்டர் இடுப்பைப் பார்த்துவிட்டு, "முழுசாப் பாக்கணும்ங்க" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அக்காள் எழுந்து வெளியே போகப் பார்த்தாள்.

"நீங்க இருங்கம்மா" என்றார் டாக்டர். "அவருக்குப் பின்னாடி கண்ணு இல்ல. எது எப்ப வந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஆண் உதவியாளர் ஒருவர் திரையை இழுத்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னால் பேச்சு கேட்டது. டாக்டர் ஒவ்வொரு இடமாகக் கேட்க, அக்காள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இது அந்த மழைக்கு, இது அதற்கு அடுத்த அறுப்புக்கு, இந்தக் கெட்டி இந்த வருசம். அவள் சொல்கிற குரலில் எனக்கு ஒரு ஆச்சரியம். அத்தனை வருசமும் அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு டாக்டர் சொன்னார். "அரைஞாண் கயிறு இடுப்புல இருக்கு. சரி. தொடைக்கு உள்பக்கம் எந்தக் கயிறு போகுது? புட்டத்துல எந்தக் கயிறு இருக்கு? அக்குள்ள ஒண்ணு இருக்கு பாருங்க, அங்க என்ன கட்டுனீங்க?"

டாக்டரே தொடர்ந்தார்.

"வெயில் படுற முதுகுல இல்ல, கையில இல்ல. துணி மூடுற எடத்துலயே இருக்கு. எனக்கு வேற ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா சந்தேகத்தச் சொல்லி உங்களப் பயமுறுத்த மாட்டேன். சோதனை பண்ணிட்டுச் சொல்றேன்."

உடனே எடுக்கவில்லை. இத்தனை வருசம் தடவின களிம்பு, தோலுக்குள் இருக்கிறதை மறைத்துவிடும், அதை நிறுத்திச் சில வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். தேங்காய் எண்ணெய் மட்டும் பூசலாம். அப்புறம் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அந்தக் கயித்தையும் அதுவரைக்கும் எடுத்து வைங்க. மருத்துவத்துக்கு அது பெருசா வேண்டாம். உங்க மனசுக்கு வேணும். கயிறு இல்லாமயே அரிக்கும். அத நீங்களே பாக்கணும்" என்றார்.

பஸ் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அக்காள், வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தபடி சொன்னாள்: "கயித்த எடுக்க மாட்டேன்."

"டாக்டரு சொன்னாங்கல்ல" என்றேன்.

"அவங்க படிச்சவங்க. நெசமாத்தான் சொல்றாங்க. நோவு என்னன்னே தெரியாத மனுசனுக்கு நானே எங்கையால அர்ணாக்கயித்த அறுக்கறதா? அதுக்கப்புறம் ஏதாச்சும் ஒண்ணுன்னா, அறுத்தவ நான்னு இருக்காதா?"

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் மூன்று பேர் மனசிலும் அந்த நேரம் ஒரே வார்த்தைதான் இருந்தது. கட்டை.

அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, புருசன் இடுப்பில் கிடந்த மஞ்சள் நூலின் முடிச்சை அவிழ்த்தாள். அறுக்கவில்லை, அவிழ்த்தாள். நைந்து இறுகின முடிச்சு, பல்லால் கடித்து அவிழ்த்தாளாம். கையோடு அதைத் தன் இடுப்பில், பாவாடை நாடாவுக்கு மேலே கட்டிக்கொண்டாள். அத்தை பார்த்துவிட்டு, "பொம்பள கட்டற பண்டமா இது" என்றது.

"ஊட்டுல ஒரு இடுப்புல இருக்குதுங்க அத்தே. அது போதும்" என்றாள் அக்காள்.

மகன் இடுப்பு வெறுமையாக இருப்பதை அத்தை ஓரக்கண்ணால் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தது. ராகி களி கிண்டின துடுப்போடு அப்படியே நின்றுவிடுமாம் சில நேரம்.

களிம்பு நிறுத்தின அந்த வாரங்கள் கொடுமை. அடக்கிவைத்ததெல்லாம் சேர்த்து எழும்பியது. கடைக்கு வந்தால் பேச மாட்டார். டீயை வாங்கிக் கையில் வைத்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அக்காள் தேங்காய் எண்ணெயைப் பூசிப் பூசித் தடவிக்கொடுப்பாள், சொறியவிடாமல் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மச்சான் என்னிடம் சொன்னார்:

"மாப்ளே, கயிறு அங்க உன் அக்கா இடுப்புல இருக்குது. அரிப்பு இங்கயே இருக்குது. உங்கப்பன் வெள்ளி சுத்தமான வெள்ளிதான்."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. ஏனென்றால் கயிறு குற்றமில்லை என்றால் வேறு என்ன என்பது இரண்டு பேருக்கும் அந்த நிமிசம்தான் உறைத்தது.

இந்தத் தடவை வேறு வேறு இடங்களில் துண்டு எடுத்தார்கள். இடுப்பில் ஒன்று, தொடையில் ஒன்று, அந்தக் கெட்டியில் ஒன்று. முடிவு வர நாள் ஆயிற்று. வேறு ஊருக்கும் அனுப்பிக் கேட்டார்களாம். கூப்பிட்டபோது டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தினதுமே அக்காள் புடவைக்கு மேலே இடுப்பைத் தொட்டுக்கொண்டாள்.

"இது கரப்பான் இல்லீங்க" என்றார் டாக்டர். "நம்ம ரத்தத்துல காவலுக்கு வெள்ளை அணுன்னு இருக்கு. அதுல ஒரு வகை தோல்லயே சுத்திக்கிட்டு இருக்கும். அதுல சிலது கெட்டுப்போய், தானா பெருகி, தோலோட மேலடுக்குல போயி உக்காந்திருக்கு. தோல்ல வர்ற லிம்போமான்னு சொல்லுவோம். புத்துநோய் வகைதான். மறைக்க மாட்டேன்."

மச்சான்தான் முதலில் பேசினார்.

"எத்தன நாளைக்குங்க?"

"எதுக்கு எத்தன நாள்?"

"எனக்குத்தாங்க."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இது ஓடற நோய் இல்லீங்க. ஊர்ற நோய். இத்தன வருசம் ஊர்ந்து இவ்வளவு தூரம்தான் வந்திருக்கு. இந்தக் கட்டத்துல கண்டுபிடிச்ச பெரும்பாலான பேர் நீண்ட காலம் நல்லா வாழ்றாங்க. அடியோட போயிரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அடக்கலாம். திரும்பி வந்தா மறுபடியும் அடக்கலாம். கண்ணு வச்சிக்கிட்டே இருக்கணும்."

அக்காள் கேட்டாள்: "ஒட்டுமாங்க?"

"ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிடலாம்."

"அது சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கறமுங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன். உள்ளே எங்கும் போகவில்லை, தோலோடு நிற்கிறது என்று வந்தது. நான் நாமக்கல்லில் எடுத்த பழைய சோதனையைப் பற்றிக் கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். டாக்டர் தலையாட்டினார். "ஆரம்பத்துல இது பூதக்கண்ணாடியிலகூட கரப்பான் மாதிரியேதான் தெரியும். களிம்பும் தடவியிருந்தீங்க. நானே அன்னிக்கு எடுத்திருந்தா எனக்கும் அப்படித்தான் வந்திருக்கும்" என்றார். என் கோபத்தை வைக்க அவர் ஒரு இடம் கொடுக்கவில்லை. அது நல்லதுதான்.

வைத்தியம் ஒளி. மாத்திரை ஒன்று கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, ஆள் உயரப் பெட்டிக்குள், சுற்றிலும் குழல் விளக்குகள் நடுவே, கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி போட்டு நிற்க வேண்டும். முதல் நாள் கொஞ்ச நேரம், போகப் போகக் கூட. மச்சானுக்குப் புரியும்படி டாக்டர் சொன்னார்: "வெயில் படாத இடமாப் பாத்து வந்து உக்காந்திருக்குல்ல. அங்க வெயிலக் கொண்டு போறோம். ஆனா அளந்து."

மாத்திரை சாப்பிட்ட நாள் பொழுது சாய்கிற வரைக்கும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, வெயிலில் தோல் தெரியக் கூடாது. முதல் சில மாதம் சேலத்தில் எங்கள் சித்தி வீட்டில் தங்கி வாரம் மூன்று தடவை போனார்கள். பிறகு வாரம் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி ஏறுவது. அந்த மாத்திரை குமட்டும். அதோடு மலைப்பாதையின் எழுபது வளைவு. பஸ்ஸில் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கருப்புக் கண்ணாடி, கையில் எலுமிச்சம்பழம். செம்மேட்டில் இறங்கினால் கடைப் பசங்க, "ஏனுங்க, சூட்டிங் முடிஞ்சுதுங்களா?" என்பார்கள்.

"பாட்டு ஒண்ணு பாக்கி" என்பார். "கதாநாயகி இன்னும் பஸ்ஸ உட்டு இறங்கல." பின்னாலேயே அக்காள் பையோடு இறங்கிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கேலி திரும்பி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு டீயை உட்கார்ந்து குடித்தார். யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும்.

பொருக்கு போனது. கெட்டி அமிழ்ந்தது. படை இருந்த இடமெல்லாம் கருத்த நிழல்போல மட்டும் நின்றது. டாக்டர் ஒரு நாள், ஒளியின் இடைவெளியைக் கூட்டிவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். மச்சான் கருவாடு சாப்பிடலாமா என்று கேட்டார். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், "யாருங்க வேண்டாம்னது? சாப்பிடுங்க" என்றார். அக்காள் தன் கேள்வியைக் கடைசியாகக் கேட்டாள். கயிறு கட்டலாமா.

"கட்டுங்கம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அன்றைக்கு அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தது. எனக்கும் சொல்லி அனுப்பியது. நான் போனபோது வாசலில் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. அக்காள் எடுக்கவில்லை, அத்தைதான் துணி முடிச்சை வெளியே எடுத்திருந்தது. வருசக்கணக்காகக் கிடந்து கருத்துப்போயிருந்த வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்க்கத் தேய்க்க வெளுத்தது. தலை நிமிராமலே என்னிடம், "உங்கொப்பன வரச் சொல்லு சாமி. பேரப்புள்ளைகளப் பாத்து எத்தன நாளாச்சு" என்றது. மகன் இடுப்பில் கொடியை மாட்டிவிட்டதும் அந்தம்மாதான். சாப்பிடுகிறபோது வட்டில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

மஞ்சள் நூலை அக்காள் அவிழ்க்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பழகிப்போச்சு" என்றாள்.

இது முடிந்து இரண்டு வருசம் இருக்கும். ஒரு சந்தை நாள். கடை நிறைய ஆட்கள். மச்சான் வந்தார், உட்காரவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கையைத் தூக்கி, அக்குளைக் காட்டினார். சின்னதாக, ரூபாய்க் காசளவுக்கு ஒரு படை.

"இங்க பாரு மாப்ளே. நேத்து உன் அக்கா பாத்தா. பழசு இல்ல, புதுசு."

என் கையில் பால் பாத்திரம் அப்படியே நின்றது.

"மூஞ்ச ஏன் அப்படி வச்சிருக்கற? வந்தா வரும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. இடுப்புக் கொடி அக்குளுக்கு ஏறிருச்சுன்னு எங்கம்மா சொல்றதுக்குள்ள போயிக் காட்டிட்டு வந்தர்றேன். டீயப் போடு, சேலம் பஸ்ஸு வந்துரும்."

டீயைப் போட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அக்காள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் பை, ஒரு கையில் அந்தக் கருப்புக் கண்ணாடி.